கிழமைக்கு எத்தனை கிலோமீட்டர்? நடையும் இரத்தக் கொழுப்பும்

நமது ஊர்களில் நாற்பது வயது கடந்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் இருந்து கதைத்தால் ஐந்தாவது நிமிடத்தில் கொலஸ்ட்ரோல் கதைக்கு வந்துவிடும். யார் யாருக்கு என்ன மருந்து, யார் முட்டை சாப்பிடுவதை நிறுத்தினார், யார் நடக்கத் தொடங்கினார் என்று பேச்சு நீளும். நடக்கத் தொடங்கியவர்களில் பாதிப் பேர் மூன்று மாதத்தில் நிறுத்தியும் விடுகிறார்கள். “நடந்து பார்த்தேன், ரிப்போட் மாறவில்லை” என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அந்தப் பாதியில் நானும் சேர இருந்தேன். ரிப்போட் ஏன் மாறவில்லை என்பதைத் தேடிப் படித்தபோது, நான் நடந்த அளவும் பிழை, ரிப்போட்டை வாசித்த முறையும் பிழை என்று விளங்கிற்று. நான் தமிழ் வாத்தியார், வைத்தியர் அல்லன். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் ஆய்வுகள் சொல்வது சாதாரண வாசகருக்கும் விளங்கக் கூடியது என்பதால் எழுதுகிறேன்.

என்னுடைய முதல் ரிப்போட்டில் ட்ரைகிளிசரைட் 238, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 128 என்று இருந்தன. எல்லாம் ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழே இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் மேலே இருக்க வேண்டும். ஆக எனக்கு ஒன்று மிகக் கூட, மற்றது குறைவு. இந்த இரண்டும் இப்படிச் சோடியாக வருவது தென்னாசியர்களிடம் அதிகம் காணப்படுகிற ஒன்று என்று டொக்டர் சொன்னார். “நடங்க, சீனியக் கொறைங்க, மூணு மாசத்தால வாங்க” என்றார்.

இரண்டும் ஏன் சோடியாக வருகின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. அது விளங்கினால் எந்த உடற்பயிற்சி, எவ்வளவு என்பது தானாக விளங்கும்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது, இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே ஈரல் தான் செய்கிற கொழுப்பைப் புரதத்தால் சுற்றிப் பொதி செய்து இரத்தத்தில் அனுப்புகிறது. நெல் மூட்டை ஏற்றிய லொறிகள் என்று அவற்றை வைத்துக்கொள்வோம். மூட்டைக்குள் இருப்பது ட்ரைகிளிசரைட். லொறி போய்ச் சேர வேண்டிய இடங்களில் முக்கியமானது தசை. தசைக்குள் ஓடும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்றொரு நொதியம் இருக்கிறது. இதுதான் கேற்றில் நின்று மூட்டையை இறக்குகிற ஆள். தசை வேலை செய்தால் இந்த ஆட்களின் எண்ணிக்கை கூடும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் குறையும். இறக்கி முடிந்த லொறியில் மிஞ்சுகிற மேற்சுற்றுகளைப் பொறுக்கிக்கொண்டு எச்.டி.எல். துணிக்கை வளர்கிறது.

இறக்க ஆளில்லாமல் மூட்டைகளோடு லொறிகள் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்? அவை எச்.டி.எல். துணிக்கைகளோடு பண்டமாற்றுச் செய்கின்றன. ட்ரைகிளிசரைட்டைக் கொடுத்துக் கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்கின்றன. இப்படி ட்ரைகிளிசரைட் ஏறிய எச்.டி.எல். துணிக்கை வெகு சீக்கிரம் உடைக்கப்பட்டு உடலிலிருந்து நீங்கிவிடுகிறது. ட்ரைகிளிசரைட் கூடினால் எச்.டி.எல். குறைவது இதனால்தான். “நல்ல கொழுப்பு” என்று நமது பத்திரிகைகள் எழுதுவது தமிழ் ஆசிரியன் என்ற வகையில் எனக்கு உறுத்துகிற மொழிபெயர்ப்பு. எச்.டி.எல். கொழுப்பு அல்ல, கொழுப்பைச் சுமக்கிற வண்டி.

இந்தப் படத்திலிருந்து ஒரு முக்கியமான விடயம் வெளிக்கிறது. மூட்டை இறங்குவது இன்றைக்கு நாளைக்கு நடக்கிற காரியம். எச்.டி.எல். வளர்வது மாதக் கணக்கில் நடக்கிற காரியம். ஆகவே ட்ரைகிளிசரைட் கேட்பது ஒன்று, எச்.டி.எல். கேட்பது இன்னொன்று.

ட்ரைகிளிசரைட் கேட்பது, கடைசியாக எப்போது நடந்தாய் என்று. பின்னேரம் ஒருவர் வேகமாக முக்கால் மணித்தியாலம் நடந்தால், அந்த நொதியத்தின் வேலை உடனே உச்சத்துக்கு வருவதில்லை. சில மணித்தியாலங்கள் கழித்துத்தான் கூடத் தொடங்குகிறது. அதனால் அன்றைய நடையின் பலன் அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் தெரிகிறது. நடக்காத ஆளுக்கு ஏறுகிற அளவுக்கு ட்ரைகிளிசரைட் ஏறுவதில்லை. ஆனால் அந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும், மூன்றாம் நாளில் அநேகமாக இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பந்து விளையாடிவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பவரின் ட்ரைகிளிசரைட் இறங்காததற்குக் காரணம் இதுதான். இரண்டு நாள் தொடர்ந்து விடுபடாமல் பார்த்துக்கொள்வதே இதில் முதல் விதி.

எச்.டி.எல். கேட்பது, மொத்தத்தில் எவ்வளவு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் என்று. இதைப்பற்றி ஜப்பானைச் சேர்ந்த கொடாமாவும் அவரது குழுவினரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு நல்ல தெளிவைத் தருகிறது. நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சு வாங்குகிற பயிற்சிகளைப் பற்றிய 25 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக எச்.டி.எல். கூடியது வெறும் 2.5 மில்லிகிராம். அதுவும் கிழமைக்கு 120 நிமிடம், அல்லது 900 கலோரி செலவாகிற அளவு, என்ற எல்லையைத் தாண்டினால்தான் கூடியது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றையும் கண்டார்கள். ஒரு தடவை செய்கிற நேரம் பத்து நிமிடம் கூடினால், எச்.டி.எல். சுமார் 1.4 மில்லிகிராம் கூடுதலாக உயர்ந்தது. கிழமைக்கு எத்தனை தரம், எவ்வளவு கடுமையாக என்பவற்றைவிட ஒரு நடையின் நீளமே கணக்கில் பெரிதாக வந்தது.

இப்போது என் முதல் மூன்று மாதத்தை இந்த எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அஸர் தொழுதுவிட்டு நாங்கள் நாலு பேர் கிழமைக்கு மூன்று நாள் கடற்கரைப் பக்கம் நடப்போம். ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம். இடமாற்றம், சம்பளம், அரசியல் எல்லாம் கதைத்தபடி, தெரிந்தவர் கண்டால் நின்று சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, திரும்பி வரும் வழியில் பிளேன்டீயும் பணிஸும். மூன்று மாதம் கழித்து ட்ரைகிளிசரைட் 229, எச்.டி.எல். 35. ரிப்போட்டை மடித்து வைத்துவிட்டேன்.

எங்கள் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் ஒரு நாள் எங்களோடு நடக்க வந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்து என் காலடிகளைப் பதினைந்து செக்கன் எண்ணினார். இருபத்தொன்று.

“சேர், நிமிசத்துக்கு எம்பத்தி நாலு. நீங்க நடக்கல்ல, ஒலாத்துறீங்க” என்றார்.

வேகத்தை அளப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நிமிடத்துக்கு நூறு காலடி என்பது மிதமான பயிற்சியின் வாசல். 130 அளவுக்குப் போனால் அது கடுமையான பயிற்சி. கடிகாரமில்லாதவர் வாயை வைத்து அளக்கலாம். நடக்கும்போது ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடிய வேண்டும், ஆனால் இராகம் இழுத்து பைத் படிக்க முடியக் கூடாது. படிக்க முடிந்தால் வேகம் போதாது. ஒரு வசனத்துக்கே மூச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கிழமைக்கு 75 நிமிடம், தூரம் நாலு கிலோமீட்டர் இருந்தால் பெரிது. எனது எடை அப்போது 74 கிலோ. அந்த எடையுள்ள ஒருவருக்கு ஒரு கிலோமீட்டர் நடையில் ஏறக்குறைய 55 கலோரி செலவாகும். நாலு கிலோமீட்டருக்கு 220. எல்லை 900. நான் நாலில் ஒரு பங்கு வேலை செய்துவிட்டு முழுக்கூலி கேட்டிருக்கிறேன்.

அடுத்த மூன்று மாதம் மாற்றினேன். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம், நிமிடத்துக்கு 110 காலடி. பிளேன்டீ வீட்டுக்கு வந்த பிறகு, சீனி பாதி. ஒரு நடைக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கிழமைக்கு 19 கிலோமீட்டர் அளவில் வந்தது. அந்த 19 என்ற எண்ணிக்கையை நான் சும்மா பிடிக்கவில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்விலிருந்து எடுத்தேன். கிராஸ் என்பவர் தலைமையில் 2002 இல் வெளியான ஆய்வு அது.

அந்த ஆய்வில், உடல் பருமன் கூடிய, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆண்களையும் பெண்களையும் பிரித்து, ஒரு பகுதியினரைப் பயிற்சியில்லாமல் விட்டு, மற்றவர்களை மூன்று குழுவாக்கி மாதக் கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். முதலாவது குழு கிழமைக்கு 12 மைலுக்குச் சமமான தூரத்தை, அதாவது 19 கிலோமீட்டரை, வேகமாக நடந்தது. இரண்டாவது குழு அதே 19 கிலோமீட்டருக்குச் சமமானதை மெல்லோட்டத்தின் கடுமையில் செய்தது. மூன்றாவது குழு அதே கடுமையில் 20 மைல், 32 கிலோமீட்டருக்குச் சமமானது. எடையைக் குறைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. பயிற்சியின் பலனை எடை குறைவின் பலனிலிருந்து பிரித்தறிய அது தேவைப்பட்டது.

எச்.டி.எல். உருப்படியாகக் கூடியது மூன்றாவது குழுவில் மட்டும், சுமார் 4 மில்லிகிராம். ஆனால் ட்ரைகிளிசரைட் மூன்று குழுவிலும் இறங்கிற்று. நடந்தவர்களின் பலன் ஓடியவர்களின் பலனுக்கு எந்த வகையிலும் குறையவில்லை. பின்னர் பயிற்சியை நிறுத்திவிட்டு 15 நாள் பொறுத்துப் பார்த்தபோதும், நடந்த குழுவின் ட்ரைகிளிசரைட் இறக்கம் நீடித்திருந்தது. ஒரே தூரத்தை நடந்து கடக்கக் கூடிய நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கத் தசை எரிக்கிற எரிபொருளில் கொழுப்பின் பங்கு ஓட்டத்தில் இருப்பதைவிட அதிகம். காரணம் இதுவாக இருக்கலாம்.

நடுத்தர வயதுக்காரருக்கு இது பெரிய ஆறுதல். ட்ரைகிளிசரைட்டைக் குறைக்க ஓட வேண்டியதில்லை, கிழமைக்கு 19 கிலோமீட்டர் வேகமாக நடந்தால் போதும். எச்.டி.எல்.லை ஏற்றத்தான் இன்னும் கூடத் தேவை. அதனால் முதலில் பார்க்க வேண்டிய எண் ட்ரைகிளிசரைட்.

என்னுடைய அடுத்த ரிப்போட் அப்படித்தான் வந்தது. ட்ரைகிளிசரைட் 158, எச்.டி.எல். 38. எடை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. இந்த எண்பது மில்லிகிராம் இறக்கத்தை முழுக்க நடையின் கணக்கில் எழுத முடியாது. சீனியும் குறைந்தது, எடையும் குறைந்தது. ட்ரைகிளிசரைட்டை ஈரல் செய்வதற்கான மூலப்பொருளில் சீனியும் ஒன்று. ஆய்வில் இவற்றைப் பிரிக்கலாம், வீட்டில் பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதற்குப் பிறகுதான் நான் மீண்டும் ஏமாறப் பார்த்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் ஆறு நாள் நடக்கவில்லை. உழ்ஹிய்யா இறைச்சி, சொந்தக்காரர் வீடுகளில் விருந்து, வட்டிலப்பம். விடுமுறை முடிந்த மறுநாள் காலை, சும்மா இருக்கிற நேரம்தானே என்று இரத்தம் கொடுத்தேன். ட்ரைகிளிசரைட் 211, எச்.டி.எல். 37. வீட்டில் எல்லோரிடமும் நடை பொய் என்று சொல்லிவிட்டேன். மூன்று கிழமை வழமைபோல் நடந்துவிட்டு, அதே ஆய்வுகூடத்தில் திரும்பவும் கொடுத்தபோது 154, 39.

ட்ரைகிளிசரைட் என்பது அவ்வளவு ஆடுகிற எண். ஒரே ஆளில், எதுவும் மாறாமலே, நாளுக்கு நாள் இருபது சதவீதம் அளவில் கூடிக் குறையும். 160 உள்ளவருக்கு ஒரு நாள் 130, இன்னொரு நாள் 190 வந்தாலும் அதிசயமில்லை. எச்.டி.எல். அவ்வளவு ஆடாது, ஆனாலும் 36 உள்ளவருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் இப்படி அப்படிப் போகும். நடையால் கூடுவதும் அதே இரண்டு மூன்றுதான். ஆகவே ஒரு ரிப்போட்டில் எச்.டி.எல். 36 இலிருந்து 35 ஆனதை வைத்து நடை பலிக்கவில்லை என்று முடிவெடுப்பது, ஒரு நாள் மழையை வைத்துப் போகம் எப்படி என்று சொல்வது போன்றது. இரண்டு மூன்று ரிப்போட்டை வரிசையாக வைத்துத்தான் வாசிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு, முந்தின இரவு களரிச் சாப்பாடு இல்லை, காய்ச்சல் தடிமன் இல்லை, அதே ஆய்வுகூடம் என்று நிபந்தனைகள் ஒத்திருக்க வேண்டும். பிழை மறுபக்கமும் நடக்கும். பரிசோதனைக்கு முந்தின பின்னேரம் மட்டும் இரண்டு மணித்தியாலம் நடந்துவிட்டுப் போகிறவருக்கு நல்ல ரிப்போட் வரலாம். அது அந்த ஒரு நாளின் ரிப்போட்.

ஏழாம் மாதத்திலிருந்து எச்.டி.எல்.லுக்காகக் கொஞ்சம் கூட்டினேன். சனிக்கிழமை நடையை 75 நிமிடமாக்கினேன். இரண்டு நாள் சுபஹுக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி. கிழமைக்கு 24 கிலோமீட்டர் அளவு வந்தது. முழங்கால் ஒரு தடவை முறுமுறுத்தது. பத்து நாள் ஓட்டத்தை விட்டு நடையை மட்டும் வைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. ஒரு வருடம் கழிந்து ட்ரைகிளிசரைட் 140, எச்.டி.எல். 41. எல்.டி.எல்.? 131. ஆரம்பத்தில் இருந்தது 128. அதாவது அசையவே இல்லை. உடற்பயிற்சி எல்.டி.எல்.லைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதற்கு டொக்டர் ஒரு வில்லை எழுதினார், விழுங்குகிறேன். நடக்கிறேன் என்பதற்காக ஸ்டட்டின் வில்லையை நிறுத்தியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். நடை செய்கிற வேலை வேறு, அந்த வில்லை செய்கிற வேலை வேறு.

ஜிம்முக்குப் போகிற மருமகன் கேட்டான்: “மாமா, நான் வெயிட் தூக்குறன், எனக்கு இது வேணுமா?” எடை தூக்குவது தசைக்கும் எலும்புக்கும் சீனி வியாதிக்கும் நல்லது, விட வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களைப் பொறுத்தவரை அது பின்வரிசைதான். ட்ரைகிளிசரைட்டைச் சிறிது இறக்கும், எச்.டி.எல்.லை அநேகமாக அசைக்காது. சைக்கிள், நீச்சல், கால்பந்து எல்லாம் நடைக்குச் சமம், நேரமும் மூச்சும் ஒத்திருந்தால்.

ஐவேளைத் தொழுகை போதாதா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மரியாதையோடு சொல்கிறேன். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சியாக அளப்பதே எனக்கு ஒப்பில்லை. அளந்தாலும் நிமிடத்துக்கு நூறு காலடியில் நடப்பதற்கு அது வராது, மூச்சு அமைதியாக இருக்க வேண்டிய காரியம் அது. ஆனால் பள்ளிக்குப் போகும் வழி வேறு. எங்கள் வீட்டிலிருந்து பள்ளி 600 மீட்டர். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நாளைக்கு மூன்று நேரம் வேகமாக நடந்து போய் வந்தால் 3.6 கிலோமீட்டர். ஐந்து நாளைக்கு 18. இந்த முழுக் கட்டுரையின் கணக்கும் அதற்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. நோன்பு மாதத்தில் நான் அதைத்தான் செய்கிறேன். பகலில் நடப்பதில்லை. தராவீஹ் முடிந்து சுற்றுவழியால் அரை மணித்தியாலம் நடந்து வீட்டுக்கு வருவேன். கஞ்சியும் பொரியலும் உள்ள மாதத்தில் இரண்டு நாள் இடைவெளி விடாமல் இருப்பதே போதும்.

உட்காருவதைப் பற்றியும் ஒரு சொல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சிலரைச் சில நாட்கள் பெரும்பகுதி நேரம் உட்கார்ந்தே இருக்கச் செய்து, பிறகு ஒரு மணித்தியாலம் ஓட வைத்தார்கள். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ட்ரைகிளிசரைட் வழமையாக இறங்க வேண்டியது இறங்கவில்லை. பகல் முழுக்கக் கடையில் கதிரையில் இருந்துவிட்டுப் பின்னேரம் நடக்கிற நமது வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது எழும்பி இறாக்கைப் பக்கம் போய் வருவது நல்லது.

எச்.டி.எல்.லைப் பற்றி அளவுக்கு மிஞ்சிய எதிர்பார்ப்பும் வேண்டாம். டோர்செட்ராபிப் என்றொரு மருந்து அதை 70 சதவீதத்துக்கும் மேல் உயர்த்திற்று. ஆனால் அதைக் குடித்தவர்களில் இறப்புக் கூடியதால் 2006 இல் அந்தப் பரிசோதனையையே நிறுத்தினார்கள். எண்ணை உயர்த்துவதால் மட்டும் இதயம் காப்பாற்றப்படுவதில்லை. நடையால் எச்.டி.எல். கூடுவது, உள்ளே லொறிகள் ஒழுங்காக இறக்கப்படுகின்றன என்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்வதே சரி. அதேபோல ட்ரைகிளிசரைட் 500க்கு மேல் உள்ளவர் நடையை நம்பி மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. கணையம் வீங்குகிற ஆபத்து உண்டு, உடனே வைத்தியரிடம் போக வேண்டும். நன்றாக நடந்தும் இறங்காதவருக்குக் கட்டுப்படாத சீனி வியாதியோ தைரொயிட் குறைவோ பின்னால் இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். நடக்கும்போது நெஞ்சை இறுக்கினால் நின்றுவிட வேண்டும். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் டொக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டில் எனக்குச் சோறில்லை. என் மனைவியின் ரிப்போட்டில் எச்.டி.எல். 44, ட்ரைகிளிசரைட் 181. கடற்கரையில் நடக்க அவவுக்கு வசதியில்லை, காலையில் முக்கால் மணித்தியாலம் சேர்ந்தாற்போல் கிடைப்பதுமில்லை. இங்கிலாந்தில் லஃபரா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு பரிசோதனை அவவுக்குப் பொருந்தியது. ஒரு நாளில் மூன்று மூன்று நிமிடமாகப் பத்துத் தரம் வேகமாக நடந்தவர்களுக்கும், முப்பது நிமிடம் ஒரேயடியாக நடந்தவர்களுக்கும் சாப்பாட்டுக்குப் பிந்திய ட்ரைகிளிசரைட் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கிற்று. துண்டு துண்டாக நடந்தாலும் லொறி இறங்குகிறது. ஆனால் எச்.டி.எல்.லுக்கு நீளமான நடைதான் பலன் என்பதையும் மறக்கவில்லை.

வளவைச் சுற்றி அளந்தோம், ஒரு சுற்று 40 மீட்டர். சோறு அவியும் நேரம் ஏழெட்டுச் சுற்று, துணி காயப்போட்டுவிட்டு ஏழெட்டுச் சுற்று என்று ஒரு நாளைக்கு 50 சுற்றுச் சேர்க்கிறா, அது இரண்டு கிலோமீட்டர். ஒரே பக்கமாகச் சுற்றினால் தலை சுற்றுகிறது என்று பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திரும்பிச் சுற்றுவா. ஞாயிறும் புதனும் மகளோடு சேர்ந்து சுபஹுக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் 50 நிமிடம் நீள நடை, அது இரண்டு நாளிலும் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல். சுற்றுகளை எண்ணுவதற்கு மதிலின் மேல் புளியங்கொட்டை வைத்திருக்கிறா. நாலு மாதம் கழித்து ட்ரைகிளிசரைட் 139, எச்.டி.எல். 46. அடுத்த பரிசோதனை நோன்புப் பெருநாள் கழிந்து மூன்று கிழமை பொறுத்து என்று கலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.